இரண்டு மச்சான்கள், ஒரு ரூபா, ஒரு டொலர்

சிவமும் ரவியும் மச்சான்மார். சிவத்தின் அம்மாவும் ரவியின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். வடமராட்சிப் பக்கம் பக்கத்துப் பக்கத்து வளவில் வளர்ந்தவர்கள். சிவம் பள்ளிக்கூட ஆசிரியர். ரவி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். ஒருவனுக்குச் சம்பளம் ரூபாவில், மற்றவனுக்கு டொலரில். இருவரும் ஒரே நாளில் ஒரே பெறுமதியுள்ள காசை வங்கியில் போட்டார்கள். பதினான்கு வருடம் கழித்து யாரிடம் கூட இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த இருவரும் கணக்கை விளங்கப்படுத்த நான் உருவாக்கியவர்கள். ஆனால் அவர்களைச் சுற்றி வரும் டொலர் விலையும் பெற்றோல் விலையும் பணவீக்கமும் இலங்கையில் உண்மையாகவே நடந்தவை. வட்டி வங்கிக்கு வங்கி மாறுவதால், அந்தந்தக் காலத்தில் கிடைத்ததற்குக் கிட்டிய முழு எண்ணாக வைத்திருக்கிறேன்.

2010 டிசம்பர். ஒரு டொலர் ஏறத்தாழ 111 ரூபா. சிவத்துக்குக் காணி விற்ற பங்காக 11 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வந்தது. அதை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டான். ஒவ்வொரு டிசம்பரிலும் வட்டியையும் முதலோடு சேர்த்துத் திரும்பப் போடுவது அவன் திட்டம். ரவியிடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 10,000 டொலர் இருந்தது. வெளிநாட்டில் உழைத்த காசு என்பதால் அதை என்.ஆர்.எஃப்.சி. என்று எல்லோரும் சொல்லும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைக்க முடிந்தது. 111 ரூபாப்படி பார்த்தால் அதுவும் 11 இலட்சத்து 10 ஆயிரம்தான்.

சிவத்துக்கு வட்டி வருடம் 9 சதவீதம் என்று வைப்போம். ரவிக்கு 3 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

டொலர் விலை ஏறியதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு பாதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். "அந்தக் காலத்தில் 111, இப்ப முந்நூறு. ரூபாவில் வைத்தவன் அழிந்தான்" என்பார்கள். தலையணைக்குக் கீழே ரூபாத் தாளாக வைத்தவனுக்கு அது சரி. வங்கியில் வைத்தவனுக்கு அது அரைக் கணக்கு. ரூபாவுக்கு வங்கி கூடிய வட்டி தருவதன் காரணமே ரூபா தேயும் என்பதுதான். தேய்கிற காசை வைத்திருக்கச் சம்மதிக்கிறவனுக்கு அந்தத் தேய்மானத்துக்கு ஈடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். அந்த ஈடு போதுமா, போதாதா என்பதுதான் உண்மையான கேள்வி.

முதல் வருடத்தை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் இதே கணக்குத்தான். 2011 டிசம்பரில் சிவத்துக்கு 99,900 ரூபா வட்டி சேர்ந்து, மொத்தம் 12 இலட்சத்து 9,900. ரவிக்கு 300 டொலர் வட்டி சேர்ந்து 10,300 டொலர். அந்த நேரம் டொலர் 114 ரூபாவை ஒட்டி நின்றது. சிவத்தின் காசை 114 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 10,613 டொலர். ரூபா கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது, ஆனாலும் சிவம் 313 டொலர் முன்னுக்கு நின்றான். வட்டி வித்தியாசம் 6 சதவீதம், ரூபா தேய்ந்தது 3 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சம் சிவத்துக்கு.

அடுத்த வருடம் ஆட்டம் மாறியது. 2012 இன் தொடக்கத்தில் மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப் பிடிப்பதைத் தளர்த்தியது. வருட முடிவில் டொலர் 127 ரூபா. சிவத்தின் கையில் ஏறத்தாழ 13 இலட்சத்து 18,800 ரூபா. 127 ஆல் பிரித்தால் 10,384 டொலர். ரவியிடம் 10,609 டொலர். இப்போது ரவி முன்னுக்கு. சிவத்தின் வங்கிப் புத்தகத்தில் காசு கூடியிருந்தது, ஆனால் டொலராக எண்ணினால் போன வருடத்தைவிடக் குறைந்திருந்தது. ஒரே காசு ஒரு அளவுகோலில் வளர்ந்து, இன்னொன்றில் சுருங்குவதை முதல் முறை பார்க்கிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். இரண்டு புத்தகத்தையும் ஒரே நாளில், ஒரே நாணயத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் குழப்பம் போய்விடும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ரூபா ஒரே சீராகத் தேயவில்லை. 2013, 2014 இல் 130 ரூபாவை ஒட்டிக் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. அந்த நாட்களில் சிவத்தின் வட்டி முழுவதும் அவனுக்கே. 2015 இல் திரும்ப நழுவியது. 2018 முடியும்போது 182 ரூபாவுக்குக் கிட்ட வந்துவிட்டது. படியில் இறங்குகிற மாதிரி, கொஞ்ச நாள் நிற்கும், பிறகு ஒரு படி விழும். ரூபாவை வைத்திருப்பவன் நிற்கிற நாட்களில் வட்டியைச் சேர்க்கிறான், விழுகிற நாளில் சேர்த்ததில் ஒரு பகுதியைக் கொடுக்கிறான்.

சரி, 2021 டிசம்பருக்கு வருவோம். பதினொரு வருடம் முடிந்தது. வங்கிக் கணக்குப்படி ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா.

வருடம் 9 சதவீதப்படி சிவத்தின் 11 இலட்சத்து 10 ஆயிரம் 28 இலட்சத்து 64 ஆயிரமாக வளர்ந்திருந்தது. டொலராகப் பார்த்தால் 14,320. வருடம் 3 சதவீதப்படி ரவியின் 10,000 டொலர் 13,842 ஆகியிருந்தது. ரூபாவாகப் பார்த்தால் 27 இலட்சத்து 68 ஆயிரம். சிவம் முன்னுக்கு நின்றான், 96 ஆயிரம் ரூபாவால். பதினொரு வருடத்துக்கு அது ஒன்றுமில்லை. இருவரும் கிட்டத்தட்டச் சமம் என்றே சொல்லலாம்.

டொலர் 111 இலிருந்து 200 க்கு ஏறிய பிறகும் இப்படி எப்படி என்று கேட்பீர்கள். பதினொரு வருடத்தில் அந்த ஏற்றம் சராசரியாக வருடத்துக்கு 5.5 சதவீதம். வட்டி வித்தியாசம் 6 சதவீதம். தேய்மானத்துக்கு வங்கி கொடுத்த ஈடு அந்தப் பதினொரு வருடத்துக்குச் சரியாக இருந்திருக்கிறது, ஒரு நூல் கூடவே இருந்திருக்கிறது. 11 இலட்சத்து 10 ஆயிரத்தையும் தாளாக வீட்டில் பூட்டி வைத்தவர் யாராவது இருந்தால், அவரிடம் அந்த நாளில் 5,550 டொலருக்கான பெறுமதிதான் மிஞ்சியிருக்கும். ஊரில் எல்லோரும் சிவத்தைப் பற்றி நினைத்தது இவருடைய கணக்கை.

அந்த டிசம்பரில் ரவி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். சிவத்தின் வைப்பு முதிர்ந்து, திரும்பப் போடும் நேரம். வங்கியில் ஒரு வருடத்துக்கு 6 சதவீதம் அளவில்தான் வட்டி சொன்னார்கள்.

"மச்சான், இந்த முறை போடாத. கொஞ்சம் பொறு" என்றான் ரவி.

"போடாம என்ன செய்யிறது? எனக்கு உன்னை மாதிரி டொலர் சம்பளமே?" என்றான் சிவம். பாரத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்தான்.

சிவம் சொன்னதும் உண்மைதான். உள்ளூரில் ரூபாவில் உழைக்கிறவர் வங்கிக்குப் போய், இந்த ரூபாவை டொலராக்கிச் சேமிப்பில் வையுங்கள் என்று கேட்க முடியாது. வெளிநாட்டு நாணயக் கணக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கானது. ஆகவே இந்தக் கதையை சிவம் தவறு செய்தான், ரவி கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ரவிக்கு ஒரு கதவு திறந்திருந்தது, சிவத்துக்கு அந்தக் கதவே இல்லை.

ஆனால் அந்தப் பாரத்தில் கையெழுத்து வைத்த நாளை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளங்கள் எல்லாம் அப்போதே வெளியில் தெரிந்தன, பொருளாதாரம் படிக்காதவர்கள் கண்ணிலும் படும்படியாக.

முதலாவது, வட்டி விலைவாசியைவிடக் கீழே போயிருந்தது. 2021 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 12.1 சதவீதம். 6 சதவீதத்துக்குக் காசைப் பூட்டுகிறவர் வருட முடிவில் இன்று வாங்கக்கூடியதைவிடக் குறைவாகத்தான் வாங்க முடியும். ரூபாவைப் பிடித்து வைத்திருப்பதற்கான ஈடு அன்றைக்கே இல்லாமல் போயிருந்தது. இரண்டாவது, டொலர் விலை அசையவில்லை. மாதக்கணக்காக 200, 203 என்று ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதே நேரம் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை தொடங்கியிருந்தது, வாகன இறக்குமதி 2020 இலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. கடையில் பொருள் இல்லை, ஆனால் டொலர் விலை மட்டும் அசையவில்லை என்றால், அந்த விலைக்கு டொலர் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மூன்றாவது, வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசை மாற்றித் தரும் உண்டியல்காரர் வங்கியைவிடத் தெளிவாகக் கூடுதல் விலை கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பும் வீடுகள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு மேலதிகமாகச் சில ரூபா தருவோம் என்று மத்திய வங்கியே அந்த மாதம் அறிவித்தது. அதிகாரபூர்வ விலை உண்மையான விலை இல்லை என்பதை அந்த அறிவிப்பே சொல்லிவிட்டது.

இவற்றுக்கு அடியில் இருந்தது நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு. 2019 முடிவில் ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர் இருந்தது 2021 முடிவில் 3.1 பில்லியனாகிவிட்டது. ஒரு நாணயத்தின் விலையை ஒரு எண்ணில் பிடித்து வைப்பதென்றால், அந்த விலைக்குக் கேட்கிறவர்களுக்கு மத்திய வங்கி தன் பெட்டியிலிருந்து டொலரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி காலியாகும் நாள்தான் விலை உடையும் நாள்.

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி பிடியை விட்டது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே நடுவில் வங்கியில் டொலர் 360 ரூபா.

இப்போது இரண்டு புத்தகத்தையும் திறந்து பாருங்கள். ரவியின் 13,842 டொலர், ரூபாவாக 49 இலட்சத்து 83 ஆயிரம். சிவத்தின் 28 இலட்சத்து 64 ஆயிரம், டொலராக 7,956. ஐந்து மாதத்துக்கு முன்னர் சிவம் ஒரு நூல் முன்னுக்கு நின்றவன். பதினொரு வருடம் சேர்த்த வட்டி முழுவதும் போய், டொலர் கணக்கில் தொடங்கிய 10,000 க்கும் கீழே இறங்கிவிட்டான்.

காகிதத்தில் இது எண். சிவத்துக்கு இது பெற்றோல் செட்டில் தெரிந்தது. 2021 டிசம்பர் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மார்ச்சில் 254. ஏப்ரலில் 338. மே 24 இல் 420. ஜூன் கடைசியில் 470. மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தவன் சைக்கிளுக்கு மாறினான். 400 கிராம் பால்மாப் பெட்டி மார்ச்சில் ஒரே தாவலில் 250 ரூபா ஏறி 790 ஆனது. அவனுடைய வைப்புச் சான்றிதழில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. அதில் எழுதியிருந்த தொகை அப்படியேதான் இருந்தது. அந்தத் தொகையால் வாங்கக்கூடிய லீற்றர்களும் பெட்டிகளும்தான் குறைந்தன.

பெற்றோலும் பால்மாவும் இறக்குமதி. டொலர் விலை ஏறினால் அவை உடனே ஏறும். முடி வெட்டும் கூலி, வீட்டு வாடகை, பிள்ளையின் ரியூஷன் காசு ஆகியவை மெதுவாகத்தான் பின்னால் வரும். சிவத்தின் காசு டொலர் கணக்கில் பாதிக்குக் கிட்ட இறங்கியது உண்மை. ஆனால் ஊரில் வாங்கும் சக்தி அந்த மே மாதத்திலேயே அவ்வளவு விழவில்லை. விலைகள் டொலரைத் துரத்திப் பிடிக்கச் சில மாதம் எடுத்தன. செப்டெம்பரில் வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்துபவர்கள் அதிகம். டொலர் வென்றது, முடிந்தது என்பார்கள். நான் இன்னும் இரண்டரை வருடம் போகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது.

2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அதைத் தொடர்ந்து வங்கிகளின் வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. சிவத்துக்கு அது உடனே கிடைக்கவில்லை. அவன் காசு 6 சதவீதத்தில் டிசம்பர் வரை பூட்டிக் கிடந்தது. ஒரு வருட வைப்பின் குறையே இதுதான்: வட்டி ஏறும்போது வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிசம்பரில் முதிர்ந்தபோது கையில் 30 இலட்சத்து 36 ஆயிரம். வங்கிகள் கேட்ட அளவுக்கு மேலேயே தரத் தயாராக இருந்தன. வரியும் போக 20 சதவீதம் என்று வைப்போம். 2023 டிசம்பரில் அது 36 இலட்சத்து 43 ஆயிரமானது. அந்த நேரம் வட்டி இறங்கிவிட்டது. அடுத்த வருடத்துக்கு 9 சதவீதம். 2024 டிசம்பரில் 39 இலட்சத்து 71 ஆயிரம்.

ரூபாவும் அதற்குள் கொஞ்சம் எழும்பியது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்டது, சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்தார்கள், வெளிநாட்டில் உள்ளவர்கள் வங்கி வழியாகத் திரும்பவும் அனுப்பத் தொடங்கினார்கள். 360 இல் நின்ற டொலர் 2024 முடிவில் 293.

ரவிக்கும் நல்ல காலம். உலகம் முழுவதும் டொலர் வட்டி ஏறியிருந்ததால் அவனுக்கு இந்த மூன்று வருடமும் 5 சதவீதம் என்று வைக்கலாம். 13,842 டொலர் 16,024 ஆனது. 293 ஆல் பெருக்கினால் 46 இலட்சத்து 95 ஆயிரம் ரூபா.

ஆக, பதினான்கு வருட முடிவில் சிவம் 39 இலட்சத்து 71 ஆயிரம், ரவி 46 இலட்சத்து 95 ஆயிரம். ரவி ஏழே கால் இலட்சம் அளவில் முன்னுக்கு. டொலராகச் சொன்னால் சிவம் 13,550, ரவி 16,024. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 2022 மே மாதத்தில் பார்த்த பள்ளம் இல்லை. அன்று ரவியிடம் சிவத்தைவிட 74 சதவீதம் கூட இருந்தது. 2024 முடிவில் 18 சதவீதம். இடையில் பயந்து தன் வைப்பை உடைத்து, 360 ரூபாவுக்கு எங்கேயாவது டொலர் வாங்கியிருந்தால், சிவம் அந்த நட்டத்தைத் தன் கையாலேயே நிரந்தரமாக்கியிருப்பான். அப்படி அந்த உச்சத்தில் ஓடிப்போய் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரவியின் பக்கத்திலும் ஒன்று கவனியுங்கள். அவன் காசு 2022 மேயில் 49 இலட்சத்து 83 ஆயிரம் ரூபா பெறுமதி. மூன்று வருட வட்டி சேர்ந்த பிறகும் 2024 இல் 46 இலட்சத்து 95 ஆயிரம். ரூபாவில் செலவழிக்கிறவனுக்கு டொலரும் ஏறி இறங்கும் பொருள்தான். போதாததற்கு, மாற்றும்போது வங்கி டொலரை வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. 2022 மேயில் அந்த இடைவெளி நன்றாக விரிந்திருந்தது. பத்திரிகையில் போடும் ஒற்றை எண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு வங்கிக் கவுண்டரில் குறைவாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது, இருவரில் யாராவது உண்மையில் பணக்காரன் ஆனானா? 2021 முடிவிலிருந்து 2024 முடிவு வரை, கொழும்பு விலைச் சுட்டெண்ணின் வருட முடிவு எண்கள் 57.2, 4.0, அதன் பின் விலை குறைந்து கழித்தல் 1.7. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பொருட்களின் விலை மொத்தமாக 60 சதவீதம் அளவில் ஏறியிருக்கிறது. சிவம் 2021 இல் வைத்திருந்த 28 இலட்சத்து 64 ஆயிரத்தால் வாங்கக்கூடியதை 2024 இல் வாங்க 46 இலட்சம் வேண்டும். அவனிடம் 39 இலட்சத்து 71 ஆயிரம். ஏழில் ஒரு பங்கு வாங்கும் சக்தி போய்விட்டது. ரவி தொடங்கியது 27 இலட்சத்து 68 ஆயிரத்தில். அதே பொருட்களுக்கு 44 இலட்சத்து 50 ஆயிரம் அளவில் வேண்டும். அவனிடம் 46 இலட்சத்து 95 ஆயிரம். நெருக்கடி முழுவதும் டொலரை அணைத்துக்கொண்டிருந்தவனுக்கு மூன்று வருடத்தில் கிடைத்தது, இருந்ததை இழக்காமல் மேலே ஒரு சிறு துண்டு. டொலர் அவனைப் பணக்காரன் ஆக்கவில்லை. வெள்ளத்தில் தலையை மேலே வைத்திருக்க உதவியது, அவ்வளவுதான்.

டொலரில் வைத்தால் பயமே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று சொல்ல வேண்டும். ரவியிடம் இருந்தது டொலர் தாள் கிடையாது. இலங்கையில் உள்ள ஒரு வங்கி, கேட்கும்போது டொலர் தருவேன் என்று கொடுத்த வாக்குறுதி. நாட்டில் டொலரே இல்லாமல் போகும் நாளில் அந்த வாக்குறுதிக்கு என்ன ஆகும்? லெபனானில் நடந்தது இதற்குப் பதில். அங்கே 1997 இலிருந்து ஒரு டொலர் ஏறத்தாழ 1,507 பவுண்ட் என்று கட்டி வைத்திருந்தார்கள். மக்கள் பெருமளவில் டொலரிலேயே சேமித்தார்கள். 2019 ஒக்டோபரில் வங்கிகள் கதவை மூடின. திறந்தபோது டொலர் கணக்குக்காரருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டுப்பாடு, பிறகு உண்மையான விலைக்கு மிகக் கீழான ஒரு விலையில் பவுண்டாகத்தான் தருவோம் என்றார்கள். கணக்குப் புத்தகத்தில் டொலர் இருந்தது, கையில் வரவில்லை. பாகிஸ்தானிலும் 1998 மே மாதம், அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு, வெளிநாட்டு நாணயக் கணக்குகளை அரசு முடக்கியது.

இலங்கையில் 2022 இல் அப்படி நடக்கவில்லை. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலும் வங்கி வைப்புகளைத் தொடவில்லை. ரவிக்கு அது நல்வாய்ப்பு. அவன் விடுமுறைக்கு வந்திருந்த 2022 நடுப்பகுதியில், டொலரைத் தாளாகத் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு வங்கி தயங்கித் தயங்கிப் பதில் சொன்னதைப் பார்த்திருப்பான். ரூபாவாகக் கேட்டவர்களுக்கு உடனே கொடுத்தார்கள். அந்தத் தயக்கத்தின் அர்த்தம் லெபனானைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஆபத்து இரண்டு வகை: நாணயம் தேயும் ஆபத்து, வாக்குறுதி உடையும் ஆபத்து. டொலர் கணக்கு முதலாவதிலிருந்து காக்கும். இரண்டாவதை, காசு எந்த நாட்டு வங்கியில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

என்னிடம் யாராவது எதில் வைப்பது என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இந்தக் காசை எங்கே, எதற்குச் செலவழிக்கப் போகிறீர்கள் என்றுதான். சிவம் அடுத்து வீட்டுக்கு ஓடு மாற்றப் போகிறான். மேசனுக்குக் கூலி ரூபாவில், ஓடும் மரமும் ரூபாவில். அந்தக் காசு ரூபாவிலேயே இருப்பதில் தவறில்லை. ரவியின் மகள் வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாள். கல்விக் கட்டணம் டொலரில் வரும். அவன் அந்தக் காசை வட்டி கூட என்று ரூபாவுக்கு மாற்றினால், படிப்பு தொடங்கும் வருடத்தில் ரூபா எங்கே நிற்கும் என்பதன் மேல் மகளின் படிப்பைப் பந்தயம் வைக்கிறான்.

சிவம் தன் வைப்பிலும் ஒரு மாற்றம் செய்தான். 2024 டிசம்பரில் முதிர்ந்ததை ஒரே சான்றிதழாகப் போடாமல் நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி ஒழுங்கு செய்தான். 2022 இல் வட்டி 20 ஐத் தாண்டியபோது மாதக்கணக்காகப் பூட்டிய காசோடு நின்றது அவனுக்கு மறக்கவில்லை. இப்போது வட்டி ஏறினால் குறைந்தது கால்வாசியாவது சீக்கிரம் புது வீதத்துக்குப் போகும்.

அன்று ரவி தொலைபேசியில் வந்தான்.

"இனி என்ன நடக்கும் மச்சான், யார் வெல்லுவினம்?"

சிவம் கணக்கு ஆசிரியர். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தான். இனி ரூபாவுக்கு 8 சதவீதமும் டொலருக்கு 4 சதவீதமும் வரியும் போகக் கிடைக்கும் என்று வைத்தால், 1.08 ஐ 1.04 ஆல் பிரிக்க வருவது 1.0385. அதை ஐந்து வருடத்துக்கு ஐந்து முறை பெருக்கினால் 1.208. அன்றைய 293 ஐ அதால் பெருக்கினால் 354.

"2029 டிசம்பரில டொலர் 354 ஐத் தாண்டினா உன்ர காசு கூட வளர்ந்திருக்கும். தாண்டாட்டி என்ர காசு" என்றான். அந்த எண்ணைக் கொப்பியில் வட்டம் போட்டு, பக்கத்தில் திகதியையும் எழுதி வைத்தான்.